இரண்டு பள்ளிகள், இரண்டு சராசரிகள்: தலைமை ஆசிரியர் கேட்ட கேள்வியும் இடைநிலை அளவு சொன்ன பதிலும்

முதலில் கதையைச் சொல்லுங்கள். என்னதான் நடந்தது?

தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊரின் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வந்தபின் மாவட்டத்தில் தலைமை ஆசிரியர்களுக்கு ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. பாட வாரியாகப் பள்ளிகளின் சராசரி திரையில் ஓடுகிறது. கணிதத்தில் நம் தலைமை ஆசிரியரின் பள்ளிக்கு 52, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு 58. இரண்டிலும் தேர்வெழுதியவர்கள் பதினைந்து பதினைந்து பேர். ஊர்களும் ஒரே மாதிரி, பிள்ளைகளின் வீட்டு நிலைமையும் ஒரே மாதிரி. "அதே பிள்ளைகள், அதே புத்தகம், ஆறு மதிப்பெண் எங்கே போச்சு?" என்று கூட்டத்தில் ஒரு கேள்வி விழுந்தது. அவரிடம் பதில் இல்லை.

மறுநாள் கணித ஆசிரியையை அழைத்துக் கேட்டார். அவர் உடனே எதையும் மறுக்கவில்லை. "சார், அவங்க பள்ளியோட மார்க் லிஸ்ட் முழுசா கிடைக்குமா? சராசரியை மட்டும் வச்சு நான் என்ன சொல்ல முடியும்?" என்றார். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர் பழைய நண்பர். பெயர்களை நீக்கிவிட்டு மதிப்பெண்களை மட்டும் அனுப்பி வைத்தார். ஆசிரியை இரண்டு பட்டியலையும் ஏறுவரிசையில் எழுதி, நடுவில் இருக்கும் எட்டாவது எண்ணை வட்டமிட்டார். நம் பள்ளியில் அது 57. பக்கத்துப் பள்ளியில் 43.

சராசரியில் ஆறு மதிப்பெண் பின்தங்கிய பள்ளி, நடுப் பிள்ளையை வைத்துப் பார்த்தால் பதினான்கு மதிப்பெண் முன்னால் நிற்கிறது. தலைமை ஆசிரியருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல, சந்தேகம். எங்கோ கூட்டல் தப்பியிருக்கிறது என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாகவே இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு பள்ளிகளும் அவற்றின் மதிப்பெண்களும் விளக்குவதற்காக அமைத்தவை. எண்கள் சிறியவை, நீங்களே தாளில் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் இங்கே வரும் நிலைமை மதிப்பெண் பட்டியலைக் கையாளும் யாருக்கும் அந்நியமாக இருக்காது.

அந்தப் பதினைந்து பதினைந்து மதிப்பெண்களையும் காட்ட முடியுமா?

நம் தலைமை ஆசிரியரின் பள்ளி:

8, 12, 35, 47, 51, 54, 56, 57, 60, 61, 62, 64, 66, 71, 76

கூட்டுத்தொகை 780. பதினைந்தால் வகுத்தால் 52.

பக்கத்து ஊர்ப் பள்ளி:

35, 35, 36, 37, 38, 40, 41, 43, 46, 52, 87, 91, 94, 97, 98

கூட்டுத்தொகை 870. பதினைந்தால் வகுத்தால் 58.

ஒவ்வொரு பட்டியலிலும் நடுவில், எட்டாவதாக நிற்கும் 57-ம் 43-ம்தான் இடைநிலை அளவுகள். வரிசையாக நிற்க வைத்தால் ஏழு பேர் அந்தப் பிள்ளைக்குக் கீழே, ஏழு பேர் மேலே. அவ்வளவுதான் அதன் பொருள்.

பக்கத்துப் பள்ளியின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். சராசரி 58 என்றார்கள். ஐம்பதுகளின் பின்பாதியிலோ அறுபதுகளிலோ எழுபதுகளிலோ அங்கே ஒரு பிள்ளைகூட இல்லை. 52-க்கு அடுத்தது நேரே 87. ஒருவரும் வாங்காத, வாங்கியவருக்குப் பக்கத்தில்கூட இல்லாத ஒரு மதிப்பெண்ணைத்தான் கூட்டத்தில் அந்தப் பள்ளியின் அடையாளமாகக் காட்டினார்கள்.

கணக்கில் தப்பில்லை என்றால், இரண்டும் எப்படி எதிரெதிராகச் சொல்கின்றன?

இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. மொத்த மதிப்பெண்ணையும் ஒன்றாகக் கொட்டி, எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்பது சராசரி. நடுவில் நிற்கும் பிள்ளை எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பது இடைநிலை அளவு. எல்லோரும் ஒரு மையத்தின் இருபுறமும் சீராகப் பரவியிருந்தால் இரண்டு பதில்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீண்டால் சராசரி அந்தப் பக்கம் இழுபடும், இடைநிலை அளவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இழுபடுவது எப்படி என்பதை பக்கத்துப் பள்ளியிலேயே பார்க்கலாம். அதிக மதிப்பெண் வாங்கிய ஐந்து பேரின் கூட்டுத்தொகை 467. அவர்கள் ஐவரும் சராசரியான 58 மட்டும் வாங்கியிருந்தால் 290. ஆக, அந்த ஐவர் சராசரிக்கு மேலே குவித்து வைத்திருப்பது 177. மற்றப் பத்துப் பேரின் கூட்டுத்தொகை 403. அவர்கள் தலைக்கு 58 வாங்கியிருந்தால் 580 வந்திருக்கும். குறைவது 177. மேலே மிஞ்சியதும் கீழே குறைந்ததும் சரிக்குச் சரி. சராசரி என்பது இப்படி மிச்சமும் குறையும் சமமாகும் புள்ளிதான். ஐந்து பேரால் பத்துப் பேரின் குறையை ஈடுகட்ட முடிவதற்குக் காரணம், அந்த ஐவர் மிகத் தொலைவில் நிற்பது.

இடைநிலை அளவு தொலைவைப் பார்ப்பதே இல்லை, வரிசையை மட்டுமே பார்க்கிறது. அந்த ஐவரும் தலைக்கு நூறு வாங்கியிருந்தாலும் அது 43-தான். சராசரியோ 60.2-க்கு ஏறியிருக்கும்.

நம் பள்ளியில் இதே வேலை தலைகீழாக நடந்திருக்கிறது. 8, 12 என்ற இரண்டு எண்கள் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. அந்த இரண்டையும் விலக்கிப் பார்த்தால் மீதிப் பதின்மூன்று பேரின் சராசரி 58.5-ஐத் தொடுகிறது. இடைநிலை அளவு 57-லிருந்து 60-க்கு மட்டுமே நகர்கிறது. ஆக, நம் பள்ளியில் பதினைந்தில் பத்துப் பேர் தங்கள் பள்ளியின் சராசரிக்கு மேலே இருக்கிறார்கள். அங்கே பத்துப் பேர் தங்கள் பள்ளியின் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள்.

பக்கத்துப் பள்ளியில் மதிப்பெண்கள் ஏன் இப்படி இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன?

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். எண் தானாகப் பிளக்காது, அதன் பின்னால் ஒரு கற்பித்தல் முடிவு இருக்கும்.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் பத்துக்கு விடை எழுத வேண்டும், அதற்கு 20. ஐந்து மதிப்பெண் வினாக்களில் பத்துக்கு எழுத வேண்டும், அதற்கு 50. கடைசியில் வடிவியல் வரைதலும் வரைபடமும், எட்டு எட்டாகப் பதினாறு. மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35.

இதை வைத்துத் தேர்ச்சிக்கு ஒரு குறுக்குவழி உண்டு என்பது எல்லாக் கணித ஆசிரியர்களுக்கும் தெரியும். வடிவியலையும் வரைபடத்தையும் திரும்பத் திரும்பப் போட வைத்தால் பதினாறு வந்துவிடும். புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் பதினான்கில் பெரும்பகுதி வரும். இன்னும் மூன்று நான்கு இரண்டு மதிப்பெண் வினாக்களைச் சேர்த்தால் 35 தாண்டிவிடலாம். தாளின் பாதியான ஐந்து மதிப்பெண் வினாக்களைத் தொடாமலேயே ஒரு பிள்ளை தேர்ச்சி பெற முடியும்.

நம் தலைமை ஆசிரியர் நண்பரிடம் நேரில் போய்ப் பேசினார். அவர் மறைக்காமல் சொன்னார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நன்றாகப் படிக்கும் ஐந்து பேருக்குக் காலையிலும் மாலையிலும் தனி வகுப்பு, முழுப் பாடமும் நடந்தது. மெல்லக் கற்போர் என்று ஒதுக்கிய பத்துப் பேருக்கு வடிவியல், வரைபடம், ஒரு மதிப்பெண், சில இரண்டு மதிப்பெண் வினாக்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கும் இருந்தது. திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை எடுத்துக் காட்டினார். அந்தப் பத்துப் பேரின் தாள்களிலும் ஐந்து மதிப்பெண் பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது.

35-லிருந்து 46 வரை ஒன்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம். தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்று மேலே இப்படி ஒரு குவியலைக் கண்டால், அங்கே கற்பித்தல் அந்தக் கோட்டையே குறிவைத்து நடந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் யாராவது பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்தால், இருபடிச் சமன்பாட்டிலேயே தடுமாற்றம் தொடங்கிவிடும். 58 என்ற சராசரி இதைக் காட்டவில்லை. 43 காட்டியது.

அப்படியானால் இடைநிலை அளவு அதிகமுள்ள நம் பள்ளிதானே சிறந்தது?

தலைமை ஆசிரியரும் சில நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆசிரியைதான் அவரை நிறுத்தினார். "சார், பக்கத்துப் பள்ளியில எல்லாரும் பாஸ். நம்மகிட்ட ரெண்டு பேர் ஃபெயில். அந்த 57 இந்த ரெண்டு பேரையும் பார்க்கவே இல்ல."

அவர் சொன்னது கணக்காகவும் உண்மை. 8 வாங்கிய பிள்ளையும் 12 வாங்கிய பிள்ளையும் எப்படியாவது 35 எடுத்திருந்தால் என்ன ஆகும்? மொத்தத்தில் ஐம்பது மதிப்பெண் கூடும், சராசரி 55.3 ஆகும். இடைநிலை அளவு 57-லேயே நிற்கும். அந்த இருவரும் பூஜ்யம் வாங்கியிருந்தாலும் அதே 57-தான். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு நடக்கும் நல்லதும் கெட்டதும் இடைநிலை அளவுக்குத் தெரியாது. ஒரு பள்ளி அதை மட்டுமே இலக்காக வைத்துக்கொண்டால், கடைசிப் பிள்ளைகளை விட்டுவிடுவதற்கு அந்த இலக்கே வழி செய்துவிடும். சராசரி மட்டும் இலக்கானால் முதல் ஐந்து பேரை இன்னும் தூக்கிவிடுவது எளிய வழியாகத் தெரியும். தேர்ச்சி சதவீதம் மட்டும் இலக்கானால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

அந்த இருவரைப் பற்றி விசாரித்தபோது வேறு விஷயம் வெளிவந்தது. ஒருவனின் பெற்றோர் செங்கல் சூளை வேலைக்கு வெளி மாவட்டம் போகிறவர்கள். பொங்கலுக்குப் பிறகு அவனும் அவர்களோடு போய், தேர்வுக்குச் சற்று முன்புதான் திரும்பியிருக்கிறான். இன்னொருத்திக்கு நீண்ட நாள் உடல்நலக் குறைவு. இரண்டுமே வருகைப் பதிவேட்டில் இருந்த செய்திகள். பாடம் நடத்தியதில் இருந்த குறையைக் காட்டிலும், வராத பிள்ளையைத் தேடிப் போகாத குறை அது. சராசரி 52-க்கு இறங்கியதற்கு அதுவே காரணம் என்பதால், சராசரி வீணான எண் என்று தூக்கிப் போடுவது நியாயமில்லை. அது தன் வழியில் ஒரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இடைநிலை அளவே எப்போதும் நம்பகமானது என்று படித்தேனே?

"எப்போதும்" என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சியில், அறுத்துச் சுத்தம் செய்தபின் ஒரு மாட்டின் எடை எவ்வளவு இருக்கும் என்று மக்கள் சீட்டில் எழுதிப் போட்டார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளில் 787-ஐ ஆராய்ந்து 1907-இல் வெளியிட்டார். அவர் இடைநிலை அளவின் ஆதரவாளர், அதைத்தான் மக்களின் தீர்ப்பு என்றார். அது 1207 பவுண்டு. உண்மை எடை 1198. பின்னர் சராசரியையும் கணக்கிட்டபோது அது 1197 என வந்தது. அந்த ஒரு சந்தர்ப்பத்தில் சராசரியே நெருங்கி நின்றது.

மொத்தத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் சராசரிதான் பயன்படும். பதினைந்து பேருக்கு மதிய உணவில் அரிசி எவ்வளவு என்று கணக்கிட, ஒருவர் சாப்பிடும் இடைநிலை அளவை வைத்துப் பெருக்கினால் அரிசி குறையலாம், மிஞ்சலாம். ஆனால் "இந்தப் பள்ளியில் சாதாரணமாக ஒரு பிள்ளை எவ்வளவு வாங்கும்?" என்று ஒரு தாய் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது இடைநிலை அளவு.

எக்செல்லில் இதை எப்படிப் போடுவது? தவறு எங்கே வரும்?

மதிப்பெண்கள் B2 முதல் B16 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

```
=AVERAGE(B2:B16)
=MEDIAN(B2:B16)
=COUNT(B2:B16)
```

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். எத்தனை கட்டங்களில் உண்மையான எண் இருக்கிறது என்று அது சொல்லும். பதினைந்து வர வேண்டிய இடத்தில் பதினான்கு வந்தால், ஏதோ ஒரு மதிப்பெண் விடுபட்டிருக்கிறது அல்லது எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது எழுத்தாகப் பதிவாவது அடிக்கடி நடக்கும். கண்ணுக்கு எண் போலவே தெரியும், ஆனால் கணக்கில் சேராது.

அடுத்த சிக்கல் தேர்வுக்கு வராதவர்கள். AB என்று எழுதினால் மேலே உள்ள மூன்றும் அதை விட்டுவிடும். காலிக் கட்டத்தையும் விட்டுவிடும். யாராவது 0 என்று போட்டுவிட்டால் மட்டும் அது ஒரு மதிப்பெண்ணாகவே சேர்ந்துவிடும். நம் பள்ளியில் தேர்வெழுதிய பதினைந்து பேரோடு வராதவர்கள் இருவர் இருந்து, அவர்களுக்கு 0 போட்டிருந்தால் சராசரி 52-லிருந்து 45.9-க்குச் சரியும். இடைநிலை அளவு 57-லிருந்து 56-க்கு மட்டும் இறங்கும். சராசரி திடீரென்று பெரிதாக இறங்கி இடைநிலை அளவு அசையாமல் இருந்தால், முதலில் பட்டியலில் பூஜ்யங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது ஒரு பள்ளி AB என்றும் இன்னொன்று 0 என்றும் போட்டிருந்தால், அந்த ஒப்பீட்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

பதினாறு பேர் இருந்தால் நடு எது?

எட்டாவதையும் ஒன்பதாவதையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். எக்செல்லும் அதையேதான் செய்கிறது.

இடைநிலை அளவும் ஏமாற்றுமா?

ஏமாற்றும். பக்கத்துப் பள்ளி போல மதிப்பெண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும் இடத்தில்தான் அது அதிகம் ஆபத்தானது. இப்போது அங்கே கீழே பத்துப் பேர், மேலே ஐந்து பேர். அடுத்த ஆண்டு இதே பத்துப் பேரோடு 87-க்கு மேல் வாங்கும் இன்னும் ஐந்து பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். பத்துக்குப் பத்து. நடுவில் வருவது 52-ம் 87-ம், இடைநிலை அளவு 69.5. மேல் கூட்டத்தில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் அது 87-க்குத் தாவிவிடும். கீழே இருக்கும் பத்துப் பேரின் நிலை துளியும் மாறவில்லை. நடுவில் வெற்றிடம் இருக்கும்போது இடைநிலை அளவு அந்த வெற்றிடத்தை ஒரே எட்டில் தாண்டும்.

எனவே நடு எண்ணை வட்டமிட்டதும் அதன் இருபுறமும் இருப்பவர்களைப் பாருங்கள். 56, 57, 60 என்றோ 41, 43, 46 என்றோ நெருக்கமாக இருந்தால் அந்த எண்ணை நம்பலாம், ஒரு பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது. 52, 87 என்று பள்ளம் இருந்தால் எந்த ஒற்றை எண்ணாலும் அந்த வகுப்பைச் சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் என்ன கொண்டுபோனார்?

ஒரு வரைபடத் தாள். கிடைமட்டமாக 0 முதல் 100 வரை கோடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி, மேல் வரியில் நம் பள்ளி, கீழ் வரியில் பக்கத்துப் பள்ளி. நண்பரின் சம்மதத்தோடுதான் கொண்டுபோனார். சராசரியைச் சிவப்பிலும் இடைநிலை அளவைப் பச்சையிலும் குறித்திருந்தார். கீழ் வரியில் சிவப்புக் கோடு யாருமில்லாத இடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அறையில் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் கேட்டவை இரண்டு. பள்ளி வாரியான அட்டவணையில் சராசரிக்குப் பக்கத்திலேயே இடைநிலை அளவுக்கும் 35-க்குக் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கைக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருந்தால், அந்தப் பள்ளியின் முழுப் பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும். பத்து என்பது அவருடைய அனுபவக் கணிப்பு, விதி அல்ல. அவர் பள்ளியின் இடைவெளி ஐந்துதான், அப்படியும் உள்ளே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவது பத்தியை அவர் சேர்த்ததற்கு அதுவே காரணம். அந்த இருவருக்கும் துணைத்தேர்வுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. ஆசிரியை வடிவியலில் தொடங்கினாலும் அதோடு நிறுத்தவில்லை.

ஒன்றியம் முழுவதற்கும் சொல்ல, பள்ளிகளின் இடைநிலை அளவுகளைக் கூட்டி வகுத்தால் போதுமா?

போதாது. இந்த இரண்டு பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 57-ஐயும் 43-ஐயும் கூட்டி வகுத்தால் 50. முப்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பதினைந்தாவது 52, பதினாறாவது 54, ஆகவே உண்மையான இடைநிலை அளவு 53. சராசரிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பள்ளியின் சராசரியையும் அதன் மாணவர் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் சரியான விடை வந்துவிடும். இங்கே 55. இடைநிலை அளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் கையில் இருக்க வேண்டும். எனவே பள்ளிகளிடம் அந்த ஒற்றை எண்ணை மட்டும் கேட்டு வாங்காமல், பெயர் இல்லாத முழுப் பட்டியலையே கேளுங்கள்.